முதலைக்குப் பக்கத்தில் நடாத மூங்கில்

காட்டுமன்னார்கோயிலில் கைபேசி கைபேசியாகச் சுற்றிக்கொண்டிருந்த படம் ஒன்று ஒருநாள் எனக்கும் வந்தது. வடவாற்றின் அக்கரையில் சேற்றை ஒட்டி ஒரு முதலை வெயில் காய்கிறது. படத்துக்குக் கீழே "15 அடி முதலை, துறையில் யாரும் இறங்க வேண்டாம்" என்று எழுதியிருந்தது. படத்தில் தண்ணீர் இருந்தது, சேறு இருந்தது, கோரைப்புல் இருந்தது. ஆள் இல்லை, மாடு இல்லை, படகு இல்லை. அளவு தெரிந்த பொருள் எதுவுமே அதன் பக்கத்தில் இல்லை.

படத்தை எடுத்த பையன் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. "எப்படிடா 15 அடின்னு சொன்ன?" என்று கேட்டேன். "பாத்தா தெரியுதுல்லண்ணே?" என்றான். அந்தப் பதிலைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. நேரில் நின்று பார்த்தவன் அவன். ஆனால் அவன் பார்த்ததும், கைபேசி பதிந்துகொண்டதும், நான் திரையில் பார்ப்பதும் வேறு வேறு. கையில் இருக்கும் படத்தைக் கொண்டு அந்த முதலையின் நீளத்தைச் சொல்ல முடியுமா என்பதுதான் என் கேள்வி.

எங்கள் பகுதியில் இது வீண் கேள்வி அல்ல. வடவாறு, பழைய கொள்ளிடம், அவற்றையொட்டிய வாய்க்கால்கள், குட்டைகள் எல்லாவற்றிலும் முதலை உண்டு. கடலோர உப்பங்கழிகளில் வாழும் செம்மூக்கன் அல்ல இது, நன்னீரில் வாழும் சதுப்புநில முதலை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் யாரும் அதைத் தொடக் கூடாது. ஊருக்குள் வந்துவிட்டால் வனத்துறையினர் பிடித்துச் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் வக்காரமாரி ஏரியில் விடுவார்கள். முட்டையிலிருந்து வெளிவரும்போது ஏறத்தாழ ஓரடி நீளம்தான் இருக்கும். பெண் முதலை ஆறு அடியை நெருங்கும்போது பருவத்துக்கு வருகிறது, ஆண் எட்டு அடியைத் தாண்டும்போது. 13 அடிக்கு மேற்பட்டதைக் காண்பது அரிது. நாலடி முதலை மீனையும் தவளையையும் தேடும். ஒன்பது அடி முதலைக்கு ஆடும் கன்றும் இரையாகும், துறையில் குனிந்து துணி அலசுகிறவரும் தப்ப மாட்டார். ஆக முதலையைப் பிடிக்க எத்தனை ஆட்கள் வேண்டும், எந்தத் துறையை மூட வேண்டும் என்பதெல்லாம் இந்த நீளத்தைப் பொறுத்தவை.

முதலில் படம் எதைச் சொல்லாது என்று பார்த்துவிடுவோம். ஒளிப்படக் கருவிக்கு நீளம் தெரியாது, கோணம் மட்டுமே தெரியும். முதலையின் மூக்கு நுனியிலிருந்து வரும் ஒளிக்கும் வால் நுனியிலிருந்து வரும் ஒளிக்கும் நடுவே எவ்வளவு கோணமோ அதையே அது பதிகிறது. அந்தப் பையனின் அசல் படம் 4000 பிக்சல் அகலம், 3000 பிக்சல் உயரம். கோப்பின் விவரங்களில் `FocalLengthIn35mmFilm` என்ற இடத்தில் 26 என்று இருந்தது. இந்த இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால், அந்தக் கைபேசியில் 3000 மீட்டர் தொலைவிலுள்ள ஒரு மீட்டர் பொருள் ஒரு பிக்சல் அகலமாக விழும். 30 மீட்டர் தொலைவில் இருந்தால் அதே பொருள் 100 பிக்சல். முதலை அந்தப் படத்தில் 180 பிக்சல் நீளம் இருந்தது.

180ஐ 3000ஆல் வகுத்தால் 0.06. முதலையின் நீளம் தொலைவில் நூற்றுக்கு ஆறு பங்கு என்பது இதன் பொருள். படம் உறுதியாகச் சொல்வது இது ஒன்றைத்தான். முதலை 40 மீட்டர் தொலைவில் இருந்தால் நீளம் 2.4 மீட்டர், அதாவது எட்டு அடிக்குச் சற்றே குறைவு. 76 மீட்டர் தொலைவில் இருந்தால் 15 அடி. ஐந்து மீட்டர் தொலைவில் இருந்தால் ஓரடிக் குஞ்சு. மூன்றுக்கும் படம் ஒன்றாகவே இருக்கும். முதலையை இரண்டு மடங்கு பெரிதாக்கி இரண்டு மடங்கு தள்ளி வைத்தால், அதோடு சேறும் புல்லும் அலையும் இரண்டு மடங்கானால், படத்தில் ஒரு பிக்சல்கூட மாறாது.

நிழலை அளந்தால் தெரியுமே என்று சிலர் சொல்வார்கள். தெரியாது. வெயிலின் சாய்வு தெரிந்தால், நிழல் பொருளின் உயரத்தில் எத்தனை மடங்கு என்று சொல்லலாம். ஆனால் அந்த உயரம் ஒரு சாணா, ஓர் ஆளா என்பதை நிழல் சொல்லாது. கோபுரத்துக்குப் பின்னால் முழுநிலா நிற்கும் படமும் அப்படியே. நிலா வானில் எப்போதும் ஏறத்தாழ அரைப் பாகை அகலம். அதை வைத்துக் கோபுரம் எத்தனை பாகை உயரம் தெரிகிறது என்று கண்டுவிடலாம், கோபுரத்தின் உயரத்தைக் காண முடியாது. கோணத்திலிருந்து கோணம்தான் பிறக்கும். நீளம் வேண்டுமென்றால் எங்காவது ஒரு நீளம் உள்ளே வந்தாக வேண்டும்.

அந்த நீளம் எங்கே இருக்கிறது? முதலைக்குப் பக்கத்தில் இல்லை. படம் எடுத்தவனின் காலடியில் இருக்கிறது.

கரையில் நிற்கும் ஒருவரின் கைபேசி மட்டத்தில், தரைக்கு இணையாக, முடிவில்லாத ஒரு கண்ணாடித் தகடு விரிந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கருவி அந்தத் தகட்டை விளிம்பில் பார்ப்பதால் படத்தில் அது ஒற்றைக் கோடாகத்தான் தெரியும். அந்தக் கோடுதான் தொடுவானம். பக்கத்திலோ தூரத்திலோ எங்கே இருந்தாலும் சரி, கருவியின் உயரத்துக்குச் சமமான உயரமுள்ள எதன் உச்சியும் அந்தக் கோட்டில்தான் முட்டும். கருவி தண்ணீருக்கு மேலே 3.6 மீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். அக்கரையில் முதலைக்குப் பக்கத்தில், தண்ணீர் மட்டத்திலிருந்து 3.6 மீட்டர் மூங்கில் ஒன்றை நட்டால் அதன் நுனி தொடுவானக் கோட்டைத் தொடும். யாரும் நடவில்லை. ஆனாலும் முதலை தண்ணீரைத் தொடும் இடத்துக்கும் தொடுவானத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி அந்த நடாத மூங்கிலின் நீளம்தான்.

நாங்கள் அதே இடத்துக்குப் போனோம். பையன் நின்ற இடத்தில் அவனையே நிறுத்தி, கைபேசியை அன்று பிடித்ததுபோல் பிடிக்கச் சொன்னேன். கரையிலிருந்து கைபேசி 1.5 மீட்டர். கயிற்றில் கல்லைக் கட்டி, நீண்ட கழியின் நுனியிலிருந்து தண்ணீர்மேல் தொங்கவிட்டு அளந்ததில், கரை தண்ணீருக்கு மேல் 2.1 மீட்டர். மொத்தம் 3.6. இடையில் தண்ணீர் ஏறவோ இறங்கவோ இல்லை என்பதை, அன்றைய படத்தில் மதகுச் சுவரில் தெரிந்த ஈரக்கோட்டை வைத்துச் சரிபார்த்துக்கொண்டோம்.

தொடுவானத்தைக் கண்டுபிடிப்பதில்தான் சிரமம். வடவாற்றங்கரையில் நின்றால் அக்கரை மரங்கள் எல்லாவற்றையும் மறைத்துவிடும். மரங்களின் அடியைத் தொடுவானம் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். அது தவறு, ஏனென்றால் மரத்தின் அடி தரையில் இருக்கிறது, தொடுவானமோ கருவியின் மட்டத்தில் இருக்கிறது. இரண்டு வழிகள் உதவின. அந்த இடத்தில் ஆறு நேராக ஓடுகிறது. கரையின் மேல் விளிம்பும் தண்ணீரின் விளிம்பும் உண்மையில் இணையாகச் செல்பவை, படத்தில் அவை தூரத்தில் ஒன்றை ஒன்று நோக்கிச் சரியும். பையன் அன்று ஆற்றோட்டத் திசையில் எடுத்திருந்த இன்னொரு அகலப் படத்தில் அவற்றை அளவுகோல் வைத்து நீட்டினால் சந்திக்கும் புள்ளி தொடுவானத்தில் விழுகிறது. அந்தப் படத்திலும் முதலைப் படத்திலும் தெரிந்த ஒரு பனைமரத்தின் எந்த இடத்தில் அந்தக் கோடு வெட்டுகிறது என்று குறித்துக்கொண்டேன். இரண்டாவது வழி அதைவிட எளிது. அதே கரையில் கொஞ்சம் தள்ளி, அதே மட்டத்தில் ஒருவர் நின்றால், அவருடைய உடலில் 1.5 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய முகவாய்க்கு அருகே, தொடுவானம் கடந்துபோகும். அவர் பத்து மீட்டரில் நின்றாலும் நூறு மீட்டரில் நின்றாலும் அது மாறாது. இரண்டு வழிகளும் ஐந்தாறு பிக்சல் வித்தியாசத்தில் ஒரே இடத்தைக் காட்டின.

முதலையின் வயிறு தண்ணீரைத் தொடும் வரிசைக்கும் தொடுவானக் கோட்டுக்கும் இடையே 270 பிக்சல். இனிக் கணக்கு வாய்ப்பாடு மட்டும்தான். அந்த இடத்தில் 270 பிக்சல் என்பது 3.6 மீட்டர் என்றால், 75 பிக்சல் ஒரு மீட்டர். 180 பிக்சல் 2.4 மீட்டர். எட்டு அடி முதலை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைசிக் கணக்கில் 26 என்ற அந்த எண்ணும் வரவில்லை, 4000 பிக்சலும் வரவில்லை, தொலைவும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் போகும் படம் சுருக்கப்படும், கோப்பின் விவரங்களும் அழிந்துவிடும். சுருங்கிய படத்தில் 270 என்பது 108 ஆகும், 180 என்பது 72 ஆகும். விகிதம் அப்படியே நிற்கும். எந்தக் கைபேசி, என்ன வில்லை என்று தெரியாவிட்டாலும் நீளம் கிடைத்துவிடுகிறது. கருவி தண்ணீருக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்ற ஒரே ஒரு நீளம் போதும்.

ஓவியர்கள் இதைக் கைப்பழக்கமாக அறிந்திருந்தார்கள். இத்தாலியில் 1435இல் அல்பெர்தி எழுதிய ஓவிய நூல், படத்தின் மையப் புள்ளியை அதில் வரையும் மனிதனின் உயரத்துக்கு மேலே வைக்க வேண்டாம் என்கிறது. அந்த உயரத்திலேயே வைத்தால் சமதரையில் நிற்கும் எல்லாத் தலைகளும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். ஆக்ஸ்போர்டில் கிரிமினிசி, ரீட், சிசர்மன் மூவரும் ஒற்றைப் படத்திலிருந்து அளவெடுக்கும் முறையைக் கணிதமாக வகுத்து 2000இல் வெளியிட்டார்கள். அவர்களும் தொடுவானக் கோட்டையும் தெரிந்த ஓர் உயரத்தையும்தான் பிடித்துக்கொண்டார்கள்.

சரி, எட்டு அடி என்று வந்த விடையை எவ்வளவு நம்பலாம்? கைபேசியின் உயரத்தில் அரை அடி பிசகியிருந்தால் முதலையின் நீளம் நூற்றுக்கு நாலு பங்கு பிசகும். தொடுவானக் கோடு 15 பிக்சல் தள்ளிப்போயிருந்தால் ஆறு பங்கு பிசகும். எல்லாம் சேர்த்தாலும் ஏழு அடிக்கும் ஒன்பது அடிக்கும் இடையில்தான். ஆனால் வேறொரு கேள்வி இருக்கிறது, அதற்குத்தான் நான் அஞ்சினேன். முதலை நமக்குப் பக்கவாட்டில் படுத்திருந்ததா, சாய்வாகப் படுத்திருந்ததா? சாய்வாக இருந்தால் படத்தில் குறுகித் தெரியும், உண்மையில் நீளம் கூடுதலாக இருக்கும். தொலைவிலிருந்து எடுக்கும்போது தலை, உடல், வால் எல்லாம் ஒரே விகிதத்தில் குறுகுவதால் பார்த்த மாத்திரத்தில் பிடிபடாது. உடலின் பருமன் மட்டும் குறுகாது. குறுகிய முதலை குண்டாகத் தெரியும். வயதான பெரிய முதலைகளும் குண்டானவை. சாய்ந்து கிடக்கும் முதலையைக் கண் கிழட்டு முதலை என்று வாசித்துவிடும்.

இதையும் அந்த நடாத மூங்கிலே தீர்த்துவைத்தது. 15 அடி முதலை 2.4 மீட்டராகத் தெரிய வேண்டுமானால் அது ஏறக்குறைய 58 பாகை திரும்பிப் படுத்திருக்க வேண்டும். அப்போது அதன் ஒரு நுனி மற்றதைவிடக் கிட்டத்தட்ட நாலு மீட்டர் தள்ளி இருக்கும். அப்படியானால் மூக்கு தண்ணீரைத் தொடும் வரிசை 270இல் இருக்கும்போது வால் 246இல் இருக்க வேண்டும், 24 பிக்சல் வித்தியாசம். படத்தில் இருந்தது மூன்று பிக்சல்தான். மூன்று பிக்சலுக்குப் பத்துப் பாகை சாய்வு, அதனால் வரும் குறுக்கம் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. உடல் முழுவதும் தண்ணீர் விளிம்பிலேயே கிடந்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது. சேற்றுச் சரிவில் வால் மேலேறிக் கிடந்திருந்தால் அந்த உயரம் தொலைவாக வேடமிட்டிருக்கும். மொத்த முதலையும் தண்ணீருக்கு அரை மீட்டர் மேலே கரையில் படுத்திருந்தால், மூங்கிலின் நீளம் 3.6 இல்லை, 3.1தான். அது தெரியாமல் 3.6 என்று போட்டால் முதலை நம் கையில் வளர்ந்துவிடும்.

முதலையின் உடலிலேயே ஒரு சரிபார்ப்பும் உண்டு. மூக்கு நுனியிலிருந்து மண்டையோட்டின் பின்விளிம்பு வரை உள்ள தலைநீளத்தை ஏழால் பெருக்கினால் மொத்த நீளம் ஏறத்தாழ வரும் என்பது முதலை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. ஆளுக்கு ஆள் வேறுபடுவதுபோல் முதலைக்கு முதலை இது கொஞ்சம் மாறும். நம் படத்தில் தலை 26 பிக்சல். ஏழால் பெருக்கினால் 182. இது நீளத்தைச் சொல்லவில்லை, விகிதம்தானே. ஆனால் வால் நுனி சேற்றுக்குள் ஒளிந்திருக்கவில்லை என்று உறுதி செய்தது. தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும் படங்களில் இந்த ஏழு மிகவும் உதவும்.

அதே ஏழு இன்னொரு வகைப் படத்தின் குட்டையும் உடைக்கும். முதலையைப் பிடித்துக் கயிற்றால் கட்டிக் கிடத்தியதும் எல்லாரும் படம் எடுப்பார்கள். எடுப்பவர் முதலையின் மூக்குக்கு முன்னால் குந்திக்கொள்வார், ஆட்கள் வால் பக்கம் வரிசையாக நிற்பார்கள். இப்போது படத்தில் அளவு தெரிந்த பொருள் இருக்கிறது, மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் பக்கத்தில் இல்லை. மூக்கு கைபேசிக்கு ஒரு மீட்டரில், ஆட்கள் மூன்றரை மீட்டரில். ஆட்களின் அளவை வைத்துப் பார்த்தால் தலை மூன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். 35 சென்டிமீட்டர் தலை நாலடித் தலையாகிவிடும். எப்படிக் கண்டுபிடிப்பது? படத்துக்குள்ளேயே தலையையும் உடலையும் ஒப்பிட்டால் போதும். தலை ஏழில் ஒரு பங்காக இல்லாமல் மூன்றிலொரு பங்காகத் தெரிந்தால், கருவி தலைக்கு மிக நெருக்கமாக இருந்திருக்கிறது. அளவுகோல் பொருளுக்கு அருகில் இருந்தால் போதாது, கருவியிலிருந்து அதே தொலைவில் இருக்க வேண்டும்.

இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. முதலைக்குஞ்சைக் கையெட்டும் தூரத்தில் எடுத்துவிட்டுப் பெரிய முதலை என்று அனுப்புவார்கள். அங்கே தொடுவானம் உதவாது, ஆனால் கருவிக்குள்ளேயே ஒரு நீளம் ஒளிந்திருக்கிறது. வில்லையின் துளை கைபேசியில் மூன்று மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். 30 சென்டிமீட்டரில் உள்ள பொருளைத் துல்லியமாக்கினால், பின்னால் தூரத்திலுள்ளவை அந்தத் துளையின் அகலத்தைப் பொருள் இருக்கும் தூரத்தால் வகுத்த அளவுக்கு மங்கும். நம் கணக்கில் அது 33 பிக்சல், கண்ணுக்கே தெரியும் மங்கல். 40 மீட்டரில் உள்ள முதலையைத் துல்லியமாக்கினால் பின்னாலுள்ள பனைமரம் ஒரு பிக்சலில் கால் பங்குகூட மங்காது. பின்னணி கலங்கியிருக்கும் முதலைப் படம் என்றால் எடுத்தவர் மிக அருகில் இருந்தார், முதலை சிறியது. ஆனால் இப்போதைய கைபேசிகள் முகப்படங்களுக்குச் செயற்கையாகப் பின்னணியை மங்கச் செய்கின்றன. அது பொருளின் ஓரத்தில் மயிர், புல் போன்றவற்றைத் தாறுமாறாக வெட்டியிருக்கும், அதைப் பார்த்துக் கண்டுகொள்ளலாம். குஞ்சின் முகமும் காட்டிக்கொடுக்கும். தலைக்குப் பொருந்தாத பெரிய கண், கட்டையான மூக்கு, உடலில் பளிச்சென்ற கறுப்புப் பட்டைகள்.

அலையை வைத்து அளக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரி நல்ல பாடம். நீரிலிருந்து நீண்ட கழுத்து எழுவதுபோன்ற படம் 1934 ஏப்ரலில் டெய்லி மெயில் இதழில் வந்தது. வந்தது வெட்டிய படம். சுற்றியிருந்த நீர்ப்பரப்பை வெட்டிவிட்டதால் கழுத்து பிரம்மாண்டமாகத் தெரிந்தது. வெட்டாத படத்தில் அது நீரின் நடுவே ஒரு சிறு பொருள். லெப்லாண்ட், காலின்ஸ் என்ற கடலியலாளர்கள் 1987இல் அந்த அலைகளின் நீளத்தைக் காற்றின் வேகத்திலிருந்து கணித்துக் கழுத்து 1.2 மீட்டர் உயரம் என்றார்கள். பின்னர் 1994இல் உண்மை வெளிவந்தது: பொம்மை நீர்மூழ்கிக் கப்பல்மீது ஒட்டிய, சுமார் ஓரடி உயரக் கழுத்து. நிபுணர்கள் நேர்மையாகச் செய்த கணக்கே நாலு மடங்கு பிசகியது. குளத்திலும் அலை உண்டு, கடலிலும் அலை உண்டு, கிண்ணத்தை ஊதினாலும் அலை உண்டு. சேற்று வெடிப்பும் மேகமும் பாறையும் இப்படித்தான், எல்லா அளவிலும் ஒரே முகத்தைக் காட்டுபவை. அவற்றை அளவுகோலாகக் கொள்ள முடியாது.

வடவாறு கொண்டுவரும் நீரைத் தேக்கும் வீராணம் ஏரிக்கு வந்தால் கதை வேறு. பராந்தக சோழன் காலத்தில் உருவானதாகச் சொல்லப்படும் இந்த ஏரியின் கரையில்தான் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடங்குகிறது. ஏரி பல கிலோமீட்டர் நீளம், அகலமும் நாலைந்து கிலோமீட்டர் வரும் இடங்கள் உண்டு. இங்கே தொடுவானத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. கரைமேல் தண்ணீரிலிருந்து 4.5 மீட்டர் உயரத்தில் கைபேசியைப் பிடித்தால், நாலு கிலோமீட்டர் தள்ளியுள்ள அக்கரை நீர்க்கோடு உண்மையான தொடுவானத்துக்கு நாலு பிக்சல்தான் கீழே விழும், பூமியின் வளைவையும் சேர்த்து. 40 மீட்டரில் உள்ள பொருளுக்கு இந்த நாலு பிக்சல் ஒரு பொருட்டே இல்லை. 300 மீட்டரில் உள்ள முதலைக்கோ தொடுவான இடைவெளியே 45 பிக்சல்தான், அதில் நாலைச் சேர்க்காமல் விட்டால் நூற்றுக்குப் பத்து பங்கு பிசகும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இந்த முறை படுத்துவிடும். இடைவெளி பதின்மூன்று பிக்சலாகச் சுருங்கிவிட, கை நடுக்கமும் கானல் அலைவும் அதைத் தின்றுவிடும்.

வீராணத்தில் வேறொரு பொறி இருக்கிறது, அதைத் தீர்க்கும் வழியும் அங்கேயே இருக்கிறது. ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம் 47.5 அடி. கோடையில் தண்ணீர் இறங்கும்போது கரை அசையாமல் அங்கேயே நிற்கும், கைபேசி தண்ணீருக்கு மேலே உயர்ந்துகொண்டே போகும். ஏரி நிரம்பியிருக்கும்போது கைபேசி 4.5 மீட்டர் உயரத்தில் இருந்தது என்றால், மட்டம் 44 அடிக்கு இறங்கிய நாளில் அதே இடத்தில் நிற்பவரின் கைபேசி 5.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். நிரம்பிய ஏரிக்கான அளவைப் போட்டு எட்டு அடி என்று கணக்கிட்ட முதலை உண்மையில் பத்து அடி. சென்னைக்குக் குடிநீர் போகும் ஏரி என்பதால் அதன் நீர்மட்டத்தை நீர்வளத் துறையினர் அன்றாடம் குறிக்கிறார்கள், பருவ காலத்தில் செய்தித்தாள்களிலும் வரும். ஆகவே வீராணத்துப் படத்துக்குத் தேதி தெரிந்தால் அளவுகோல் கிடைத்தது மாதிரிதான். தேதி தெரியாவிட்டால் முதலையின் நீளத்தில் இரண்டடி ஐயமாகவே தங்கும்.

பையன் அதன் பிறகு இன்னும் மூன்று நான்கு படங்கள் அனுப்பினான். அவற்றில் ஒன்றில் இருந்த முதலையின் தலை நான் முன்பு பார்த்ததைவிட அகன்றது, கழுத்துத் தட்டுகள் தேய்ந்தவை. உண்மையிலேயே பெரியது என்று என் மனம் சொல்லிற்று. ஆனால் முதலை நன்றாகத் தெரிய வேண்டும் என்று, மேலே வானத்தையும் அக்கரையையும் வெட்டிவிட்டு அனுப்பியிருந்தான். படம் முழுக்க முதலையும் தண்ணீரும்தான். தொடுவானம் போய்விட்டது, அதோடு மூங்கிலும் போய்விட்டது. "வெட்டாத படம் இருக்கா தம்பி?" என்று கேட்டேன்.

"இடம் பத்தலண்ணே, அழிச்சிட்டேன்" என்றான்.